“சிலபேர் பாஸ்” என்றால் மற்றவர்கள் பெயிலா? சொன்னதையும் குறிப்பால் உணர்த்தியதையும் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிறேன். “எல்லா”, “சில” என்று வரும் வசனங்களில் ஒன்று உண்மையானால் மற்றது என்னவாகும் என்று காட்டும் எடுப்புகளின் முரண்பாட்டுச் சதுரம் படிப்பித்து முடித்த கிழமை ஒரு கேள்வி கொடுப்பேன்: “சில மாணவர் சித்தியடைந்தனர் என்பது உண்மை. அப்படியானால், சில மாணவர் சித்தியடையவில்லை என்பது உண்மையா, பொய்யா, அல்லது நிச்சயிக்க முடியாததா?” சரியான விடை, நிச்சயிக்க முடியாது என்பது. வகுப்பில் பாதிக்கு மேல் “உண்மை” என்றுதான் எழுதுவார்கள். பல வருடம் அதற்குச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு இரவு வந்த தொலைபேசி அழைப்புத்தான் இதை வேறு விதமாகப் பார்க்க வைத்தது.

அன்று மாதச் சோதனை விடைத்தாள் 23 மேசையில் இருந்தது. எட்டைத் திருத்தி முடித்திருந்தேன். எட்டும் பாஸுக்கு வேண்டிய 35 புள்ளிக்கு மேல். ஒரு பையனின் அம்மா எடுத்தார்.

“சேர், சோதனை என்ன மாதிரி? பிள்ளையள் பாஸோ?”

“ஓம் அம்மா, சிலபேர் பாஸ்.”

“ஓ… சரி சேர்.”

அவ்வளவுதான். அடுத்த நாள் அந்தப் பையன் வகுப்புக்கு அழுத முகத்தோடு வந்தான். “நான் பெயிலெண்டு அம்மாட்டச் சொன்னீங்களாம் சேர்.” அவனுடைய விடைத்தாளை நான் அதுவரை தொடவே இல்லை. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் நான் சொல்லாத இரண்டு முடிவுகள் அந்த வீட்டுக்குப் போய்விட்டன: சிலர் பெயில் என்பது ஒன்று, அதில் தன் மகனும் ஒருவன் என்பது மற்றது.

இந்த அழைப்பையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். முதலில் இரண்டு சொற்கள். ஒரு வசனம் உண்மையானால் இன்னொன்றும் உண்மையாகவே இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை என்றால், அந்த இரண்டாவதைக் கட்டாய முடிவு என்று இங்கே சொல்கிறேன். மொழியியல் படித்தவர்கள் என்டெயில்மென்ட் என்பார்கள். சொன்ன வசனம் கட்டாயப்படுத்தாமல், சொன்ன விதத்தையும் சொன்ன இடத்தையும் வைத்துக் கேட்பவர் உய்த்துணர்வது குறிப்புப் பொருள், அதாவது இம்ப்ளிகேச்சர். இந்த இரண்டாவது சொல்லை உருவாக்கியவர் போல் கிரைஸ் என்ற மெய்யியலாளர். 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய விரிவுரைகளில் இதை முன்வைத்தார். அதன் முக்கியமான பகுதி 1975இல் அச்சில் வந்தது.

முதல் படி: சொன்ன வசனத்தை அப்படியே எழுதுங்கள்

இதைத் தவிர்த்தால் மிச்சமெல்லாம் பிழைக்கும். நினைவிலிருந்து எழுதும்போது நாம் விளங்கிக்கொண்டதைத்தான் எழுதுவோம், கேட்டதை அல்ல. அந்த அம்மா வீட்டில் சொன்னது “சேர் பெயிலெண்டு சொன்னவர்” என்று. நான் சொன்னதோ “சிலபேர் பாஸ்.” இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாலே இடைவெளி தெரியும்.

மேலே சொன்ன வசனம், கீழே எடுத்த முடிவு, பக்கத்தில் எந்தக் கேள்விக்கு அது பதில் என்பது. மூன்றும் தாளில் இருக்க வேண்டும். கேள்வியை ஏன் எழுதச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

இரண்டாம் படி: முடிவைப் பொய்யாக்கும் ஒரு நிலைமையைத் தேடுங்கள்

சொன்ன வசனம் உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும் ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடிகிறதா? ஒரே ஒரு நிலைமை கிடைத்தாலும் அது கட்டாய முடிவு இல்லை.

“அவன் பாசையூரில் மூன்று நண்டு வாங்கினான்” என்ற வசனத்தை எடுங்கள். அது உண்மையாக இருந்து, “அவன் நண்டு வாங்கினான்” என்பது பொய்யாக இருக்கும் ஒரு நாளை எவராலும் கற்பனை செய்ய முடியாது. ஆகவே அது கட்டாய முடிவு. “அவன் நண்டுக்கறி வைக்கப் போகிறான்” என்பதோ அப்படி இல்லை. பக்கத்து வீட்டார் காசு கொடுத்து வாங்கிவரச் சொல்லியிருக்கலாம்.

இப்போது என் வசனம். 23 பேரும் பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது “சிலபேர் பாஸ்” உண்மையா? உண்மைதான். பாஸான சிலரை அந்த 23 பேருக்குள் காட்ட முடியும். “சிலபேர் பெயில்” உண்மையா? இல்லை. நிலைமை கிடைத்துவிட்டது. அளவையியலில் “சில” என்பதற்கு “ஒன்றாயினும்” என்று பொருள் கொள்வது இதற்காகத்தான். அந்தச் சொல் கீழ் எல்லையை மட்டும் போடுகிறது. மேலே மூடி போடவில்லை.

பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். “எல்லாரும் பாஸ் எண்டா ஏன் சேர் சிலபேர் எண்டு சொல்லுவான்?” என்று கேட்பார்கள். கேள்வி மிகச் சரியானது. ஆனால் அது ஏன் *சொன்னான்* என்ற கேள்வி, சொன்னது *உண்மையா* என்ற கேள்வி அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்ததால்தான் அந்த விடை பிழைத்தது.

இதில் வயதும் சேர்ந்து விளையாடுகிறது. ஐரா நோவெக் என்ற ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், “சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு” என்பது போன்ற வசனங்களைச் சரி என்று ஏற்றவர்கள் பெரியவர்களைவிட எட்டு, பத்து வயதுச் சிறுவர்களிலேயே அதிகம். எல்லா ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்து நீளம்தான், ஆகவே அளவையியல்படி சிறுவர்கள் சொன்னதே சரி. வளர வளர நாம் குறிப்பைக் கேட்கப் பழகிவிடுகிறோம், அவ்வளவுதான். என் வகுப்பில் “உண்மை” என்று எழுதியவர்கள் மொழி தெரியாதவர்கள் அல்லர், நன்றாகவே தெரிந்தவர்கள்.

மூன்றாம் படி: சொன்னதை மீறாமல் முடிவை மட்டும் மறுத்துப் பாருங்கள்

கற்பனை செய்வது சிரமமாக இருந்தால் இதைச் செய்யுங்கள். சொன்ன வசனத்தின் பின்னாலேயே முடிவின் மறுப்பை ஒட்டி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

“சிலபேர் பாஸ், சொல்லப்போனால் எல்லாருமே பாஸ்.” இது ஓடுகிறது. கேட்பவர் “ஓ, அப்படியா” என்பார்.

“மூன்று நண்டு வாங்கினான், ஆனால் நண்டே வாங்கவில்லை.” இது ஓடவில்லை. கேட்பவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

குறிப்புப் பொருளை இப்படித் திரும்பப் பெறலாம், கட்டாய முடிவைத் திரும்பப் பெற முடியாது. கிரைஸ் சொன்ன அடையாளங்களில் கையில் எடுத்துப் பயன்படுத்த மிகவும் வசதியானது இதுதான். இதன் மறுபக்கமும் உதவும். “சிலபேர் பாஸ், எல்லாரும் இல்லை” என்று குறிப்பை வெளிப்படையாகவே சொன்னால் அது கூறியது கூறலாகத் தோன்றாது. “மூன்று நண்டு வாங்கினான், நண்டு வாங்கினான்” என்றால் தோன்றும்.

தமிழில் இந்தச் சோதனையைச் செய்யும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். “சிலபேர் மட்டும் பாஸ், சொல்லப்போனால் எல்லாருமே பாஸ்” என்று சொல்லிப் பாருங்கள். ஓடாது. “மட்டும்” வந்ததும் மூடி போட்டாகிவிட்டது, மற்றவர்கள் பாஸ் இல்லை என்பது இப்போது கட்டாய முடிவு. “சிலபேர்தான் பாஸ்” என்பதும் பெரும்பாலும் அப்படியே. மறுபுறம், “சிலபேராவது பாஸ்” என்றால், ஆவது என்ற இடைச்சொல் மூடியைத் திறந்தே வைக்கிறது. உம்மையும் இதே கூட்டம்தான். “மூன்று பேர் வந்தார்கள்” என்றால் நான்காம் ஆளுக்கு இடமிருக்கலாம். “மூன்று பேரும் வந்தார்கள்” என்றால் இருந்ததே மூன்று பேர், ஒருவரும் மிச்சமில்லை. ஆகவே வசனத்தை எழுதும்போது மட்டும், தான், ஆவது, உம் ஆகிய நான்கையும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். தொலைபேசியில் நான் “மட்டும்” என்று சொல்லியிருந்தால் பிழை முழுவதும் என்னுடையது, அந்த அம்மாவிடம் கேட்க ஒன்றுமில்லை.

நான்காம் படி: கேள்வியை மாற்றுங்கள்

பக்கத்தில் கேள்வியை எழுதச் சொன்னது இதற்காக. அந்த அம்மா “பிள்ளையள் பாஸோ?” என்று வகுப்பு முழுவதையும் பற்றிக் கேட்டார். அவர் “ஆராவது பாஸ் பண்ணினவையோ?” என்று கேட்டிருந்தால்? நான் “ஓம், சிலபேர் பாஸ்” என்றதும் அவர் மனம் ஆறியிருக்கும். மற்றவர்கள் பெயில் என்ற நினைப்பு அவ்வளவு பலமாக வந்திராது, ஏனென்றால் கேட்ட கேள்விக்குப் பதில் முழுமையாகிவிட்டது. அதே வசனம், அதே உண்மை, குறிப்பு மட்டும் தேய்ந்துவிட்டது. கட்டாய முடிவு இப்படிக் கேள்விக்குக் கேள்வி தேயாது. நண்டு எந்தக் கேள்விக்கும் நண்டுதான்.

வீட்டுக்குப் போன இரண்டு முடிவுகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதும் இங்கே தெரியும். “எல்லாரும் இல்லை” என்ற குறிப்பு, “சில” என்ற சொல்லோடு ஏறக்குறைய எங்கும் ஒட்டிக்கொண்டு போகிறது. தடுக்க ஏதாவது இருந்தால்தான் விலகும். “என் மகன் பெயில்” என்பதோ அப்படி இல்லை. கேட்டவர் ஒரு மாணவனின் தாய். மகன் பாஸ் என்றால் சேர் முதலில் அதைத்தானே சொல்லியிருப்பார்? இதே வசனத்தை நான் பக்கத்து ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் எந்த மகனைப் பற்றியும் எந்த முடிவும் பிறந்திராது. முதலாவதைப் பொதுக் குறிப்பு என்றும், இரண்டாவதை இடக் குறிப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இடக் குறிப்பு சொன்ன சொல்லிலிருந்து எவ்வளவு தூரமும் போகும். “தேருக்கு வாறியோ?” என்று கேட்டால் “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்று பதில் வருகிறது. வரவில்லை என்று உடனே விளங்கிக்கொள்கிறோம். ஆனால் அந்த வசனத்தில் தேரும் இல்லை, வருவதும் இல்லை. “பிள்ளைக்குக் காய்ச்சல், ஆனா அம்மாட்ட விட்டிட்டு வாறன்” என்று அவரே தொடர்ந்தால் நாம் எடுத்த முடிவு போய்விடும்.

ஐந்தாம் படி: “ஆல்” போட்டுப் பாருங்கள்

இது கொஞ்சம் நுட்பமானது, பொதுக் குறிப்புக்கு மட்டும் பொருந்தும். சொல்லை ஒரு நிபந்தனைக்குள் வைத்துப் பாருங்கள். வகுப்பு முடிவில் நான் சொல்வது: “இண்டைக்குப் படிச்சதில சிலது விளங்காட்டிக் கேளுங்கோ.” விளங்காட்டி என்றால் விளங்காவிட்டால். ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அது கேட்கலாமா, கூடாதா? கட்டாயம் கேட்கத்தான் வேண்டும். “சேர் சிலது எண்டுதானே சொன்னவர், எனக்கு எல்லாமே விளங்கேல்லை, அப்ப கேக்கக்கூடாது” என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது. “எல்லாம் இல்லை” என்பது “சில” என்ற சொல்லின் பொருளாகவே இருந்திருந்தால் நிபந்தனைக்குள்ளும் கூடவே வந்திருக்கும். வரவில்லை. சொல்லின் பொருள் வேறு, அது தரும் குறிப்பு வேறு என்று காட்ட என்னிடம் இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆறாம் படி: குறிப்பு எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கி நடந்து பாருங்கள்

குறிப்புப் பொருள் காற்றில் வருவதில்லை. அதற்கு ஒரு வழி உண்டு, அந்த வழியைச் சொல்ல முடியாவிட்டால் அது குறிப்பே அல்ல, வெறும் ஊகம். பேசுபவர் கேட்பவரோடு ஒத்துழைக்கிறார் என்று நாம் நம்புகிறோம்: தேவையான அளவுக்குச் சொல்வார், உண்மை என்று நம்புவதைச் சொல்வார், சம்பந்தமானதைச் சொல்வார், தெளிவாகச் சொல்வார். கிரைஸ் வைத்த நான்கும் இவைதான். எங்கள் அழைப்பில் வேலை செய்தது முதலாவது. அந்த அம்மாவின் மனம் போன பாதையை மெதுவாக விரித்தால் இப்படி வரும்.

சேர் “சிலபேர்” என்றார். “எல்லாரும்” என்றும் சொல்லியிருக்கலாம், அதுவும் ஒரு சொல்தான், எனக்கு இன்னும் பிரயோசனமாக இருந்திருக்கும். சேர் என்னிடம் மறைக்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே “எல்லாரும் பாஸ்” என்று சொல்லும் நிலையில் சேர் இல்லை.

இங்கே நிறுத்துங்கள். இது வரைக்கும் அந்த அம்மா நினைத்தது முற்றிலும் சரி! எட்டுத் தாள் மட்டும் பார்த்த நான் அப்படிச் சொல்லும் நிலையில் இல்லைதான். அவர் அடுத்து ஒரு அடி வைத்தார்: சேர் தாள் திருத்தியவர், அவருக்கு முடிவு தெரியும். தெரிந்தும் “எல்லாரும்” என்று சொல்லவில்லை என்றால் எல்லாரும் பாஸ் இல்லை, சிலர் பெயில்.

கடைசி அடியில்தான் பாலம் உடைந்தது. “அவர் அப்படிச் சொல்லும் நிலையில் இல்லை” என்பதற்கும் “அது உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியும்” என்பதற்கும் நடுவில், பேசுபவருக்கு விஷயம் முழுவதும் தெரியும் என்ற ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. வழக்கமாக அது பொருந்தும். அன்று பொருந்தவில்லை. குறிப்பு பிழைக்கும் இடங்களை நான் பார்த்த அளவில், பெரும்பாலும் இந்த அடிதான் காரணம். நான் பொய் சொன்னேன் என்றோ ஒளித்தேன் என்றோ யாரும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல் ஒலிக்க விட்டேன்.

இந்த அடியைச் சோதிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: “எல்லாப் பேப்பரும் பாத்து முடிஞ்சுதோ சேர்?” அவர் அதைக் கேட்டிருந்தால், “இல்லை அம்மா, எட்டுத்தான் பாத்தனான்” என்று சொல்லியிருப்பேன். இரண்டு முடிவும் அந்த நிமிடமே கரைந்திருக்கும்.

தொல்காப்பியர் இதைச் சொல்லியிருக்கிறார்

வகுப்பில் இந்த இடத்தில் நான் கொஞ்சம் விலகி, சொல்லதிகாரத்துக்குப் போவேன். கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா: “எடுத்த மொழி இனம் செப்பலும் உரித்தே.” எடுத்துச் சொன்ன சொல், தன் இனமான இன்னொன்றையும் உணர்த்தலாம் என்பது பொருள். உரைகாரர் காட்டும் உதாரணம் கீழ்ச்சேரிக் கோழி அலைத்தது என்பது. அப்படிச் சொன்னால் மேற்சேரிக் கோழி அலைப்புண்டது, அதாவது அடிபட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

நான் விரும்பிப் பார்ப்பது “செப்பலும்” என்பதில் உள்ள அந்த உம்மையை. செப்புதலும் உண்டு, செப்பாமையும் உண்டு என்று அது இரண்டுக்கும் இடம் விடுகிறது. “ஆ வாழ்க, அந்தணர் வாழ்க” என்றால் மற்றவர்கள் சாக வேண்டும் என்று ஆகாது என உரையில் விளக்குவார்கள். ஒரு குறிப்பு ஓரிடத்தில் எழும், இன்னோரிடத்தில் எழாது. கட்டாய முடிவுக்கு அப்படி ஒரு “உம்” போட இடமே இல்லை. இந்த அதிகாரத்தின் சேனாவரையர் உரையை எங்கள் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் குறிப்புகளோடு 1938இல் சுன்னாகத்தில் பதிப்பித்தார். தமிழ் பாடமும் எடுக்கும் பிள்ளைகள் இந்த நூற்பாவைக் கண்டதும் அளவையியல் கேள்வியை வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

இந்த வழி எங்கே நின்றுவிடும்

இரண்டு பெட்டியிலும் வராத பொருள்களும் உண்டு. “அவன் திரும்பவும் பெயில்” என்றால் முன்பும் ஒரு தடவை பெயில் என்பது அடங்கியிருக்கிறது. “அவன் திரும்பவும் பெயிலோ?” என்று கேள்வியாக மாற்றினாலும் அது போகாது. இது முன்கூட்டியே எடுத்துக்கொண்ட பொருள், தனி வகை. “கெட்டிக்காரன், ஆனால் ஏழை” என்பதில் வரும் எதிர்ப்பு உணர்வும் அப்படித்தான். அது “ஆனால்” என்ற சொல்லிலேயே தைத்திருக்கிறது, மூன்றாம் படியில் மறுத்தாலும் முழுதாகக் கழராது. எண்ணுப் பெயர்களில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பிணக்கு உண்டு: “மூன்று” என்பது “குறைந்தது மூன்று” என்ற பொருளில் தொடங்கிக் குறிப்பால் “சரியாக மூன்று” ஆகிறதா, இல்லை முதலிலேயே “சரியாக மூன்று” தானா என்று. சோதனைக்குப் போகும் பிள்ளைகள் இதில் தலையைப் போட வேண்டாம்.

விடைத்தாளில் செய்ய வேண்டியது எளிது. கேள்வி “பெறப்படுமா?” என்று கேட்டால் இரண்டாம் படியோடு நில்லுங்கள். ஒரு எதிர் நிலைமையைக் காட்டினால் விடை முடிந்தது. பேசியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்கத் தொடங்கியதும் அளவையியலை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள்.

மிச்சம் பதினைந்து தாளையும் அடுத்த இரவு திருத்தினேன். 23இல் 19 பாஸ். பையனுக்கு 52. நானே அழைத்தேன்.

“அம்மா, நேற்று எட்டுப் பேப்பர்தான் பாத்திருந்தனான், உங்கட மகன்ர அதுக்குள்ள இல்லை. இப்ப எல்லாம் முடிஞ்சுது. அவன் பாஸ், 52.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: “அப்ப நேற்று நீங்கள் பெயிலெண்டு சொல்லேல்லையோ சேர்?”

“சொல்லேல்லை அம்மா. ஆனா நீங்கள் அப்பிடி விளங்கினதுக்கு நான்தான் காரணம்.”